காலை எட்டு மணி ரத்தம்

சுகருக்குப் பார்க்க வந்தவர் பேசி முடித்து எழுந்துவிடுவார். கதவுவரை போய், மனைவி வெளியே மருந்து வாங்கும் வரிசையில் நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். "இன்னொண்ணு டாக்டர்..." என்று இழுப்பார். நீரிழிவு மருத்துவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. கால் எரிச்சலைப் பற்றியும் கண் மங்கலைப் பற்றியும் கால்மணி நேரம் பேசியவர், அந்த இன்னொன்றைச் சொல்ல அரை நிமிடம்தான் எடுத்துக்கொள்வார். அதையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

அப்படி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரே ஆள் அல்ல; இந்த வயதில் இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்கள் பலரைச் சேர்த்துச் செய்த ஆள். வயது 49. ஈரோட்டுப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஏழெட்டு வருடமாகச் சுகர், நாலு வருடமாக பிரஷர். எடை 88 கிலோ. மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார். முன்பெல்லாம் கடைப் பையன்களிடம் கேலியும் கிண்டலுமாக இருந்தவர், இப்போது ஓர் ஆணிப் பெட்டி இடம் மாறியிருந்தாலும் கத்துகிறார். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் ஏதாவது சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார். மனைவியோடான நெருக்கம் இரண்டு வருடமாகக் குறைந்துகொண்டே வந்து இப்போது இல்லை என்றே சொல்லலாம். இவையெல்லாம் எப்போது ஆரம்பித்தன என்று கேட்டால் அவரால் சொல்ல முடியவில்லை. மாதவிலக்கு நின்றதுபோல் நாள் குறித்துச் சொல்ல ஆணுக்கு எதுவும் இல்லை.

மருத்துவரிடம் வருவதற்கு முன்பே அவர் ஒரு காரியம் செய்திருந்தார். டவுனில் ஒரு லேபில் 'ஆண்களுக்கான ஹார்மோன் பேக்கேஜ்' என்று போட்டிருந்ததைப் பார்த்து, கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டுச் சாயங்காலம் நாலு மணிக்குப் போய் ரத்தம் கொடுத்தார். டெஸ்டோஸ்டிரோன் 236 என்று வந்தது. பக்கத்தில் 300க்குக் குறையக் கூடாது என்று இருந்தது. எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. ஜிம்முக்குப் போகும் சிநேகிதர் ஒருவர், மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால் பழையபடி ஆகிவிடலாம், எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும் என்றார். நல்லவேளை, ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்னால் அவர் அந்தச் சீட்டை மருத்துவரிடம் நீட்டினார்.

ஆணின் நடுவயதுச் சோர்வுக்கெல்லாம் விந்தகத்தைக் காரணம் காட்டும் வழக்கம் பழையது. 1889இல் பாரிஸில் பிரௌன் செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், தமது 72ஆவது வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விந்தகச் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு, இளமை திரும்பியது என்று அறிஞர் சபையில் அறிவித்தார். அவர் தயாரித்த விதத்தில் அந்தச் சாற்றில் ஹார்மோன் இருந்திருக்க வழியில்லை. நம்பிக்கைதான் வேலை செய்திருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்ததே 1935இல்தான். அது கையில் கிடைத்த பத்து வருடத்துக்குள், 1944இல், ஹெல்லர், மையர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் ஆண்களுக்கும் பெண்களைப்போல ஒரு பருவ மாற்றம் இருக்கிறது என்று எழுதினார்கள். ஆனால் அவர்களே, அது எல்லா ஆண்களுக்கும் வருவதல்ல, சிலருக்கு மட்டும்தான் என்பதில் தெளிவாக இருந்தார்கள். இந்தப் பின்பாதியை விளம்பரக்காரர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

பெண்ணின் சினைப்பை சில வருடங்களுக்குள் வேலையை நிறுத்திவிடுகிறது. ஆணின் விந்தகம் அப்படி நிறுத்துவதில்லை. முப்பதுகளின் நடுவிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வருடத்துக்கு ஒரு சதவீதம் அல்லது அதற்கும் குறைவாக இறங்கிக்கொண்டு வரும். முப்பது வயதில் 600 இருந்த ஒருவருக்கு ஐம்பதிலும் 500க்கு மேல் இருக்கும். இரண்டுமே நல்ல அளவுதான். 2010இல் ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயதுவரையுள்ள 3,300க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. வயதானதால் ஹார்மோன் குறைந்து அதற்கேற்ற அறிகுறிகளும் சேர்ந்து இருந்தவர்கள் வெறும் 2.1 சதவீதம். அதாவது நூறு பேரில் இரண்டு பேர். நம் கடைக்காரர் அந்த இரண்டு பேரில் ஒருவராக இருக்கக் கூடாது என்றில்லை. ஆனால் அதை முதல் பதிலாக எடுத்துக்கொள்வது சரியில்லை.

அந்த ஆய்வில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறொன்று. சோர்வு, எரிச்சல், தூக்கமின்மை, வியர்வை, உடல்வலு குறைவு என்று 32 அறிகுறிகளைப் பரிசோதித்தார்கள். அவற்றில் ஹார்மோன் குறைவோடு உறுதியாகச் சேர்ந்து நின்றவை மூன்றே மூன்று: காலையில் கண்விழிக்கும்போது இயல்பாக இருக்கும் விறைப்பு குறைவது, பாலுறவு பற்றிய எண்ணமே அரிதாவது, உறவின்போது விறைப்பு போதாமல் போவது. அசதியும் எரிச்சலும் ஹார்மோன் சரியாக இருக்கிறவர்களிடமும் தாராளமாக இருந்தன. ஆகவே "ரொம்ப டயர்டா இருக்கு, கோபம் வருது" என்பதை மட்டும் வைத்து டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது. டிவியில் சொல்கிறவர் சொல்வார்.

இதனால் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி கடைக்காரருக்கு வியப்பாக இருந்தது. ஆசை இல்லாமல் போய்விட்டதா, ஆசை இருந்தும் உடம்பு ஒத்துழைக்கவில்லையா? இரண்டும் ஒன்றுதானே என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்றல்ல. ஆசையே போய்விட்டது என்றால் ஹார்மோன், மனச்சோர்வு, சில மருந்துகள், கணவன் மனைவிக்கு இடையிலான கசப்பு ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும். ஆசை இருக்கிறது, விறைப்பு வரவில்லை என்றால் ரத்தக்குழாயும் நரம்பும்தான் முதல் சந்தேகம். காலையில் எழும்போது விறைப்பு இருந்து உறவின்போது மட்டும் இல்லையென்றால், உறுப்பில் பெரிய கோளாறு இல்லை. பயமும் பதற்றமும் குறுக்கே நிற்கின்றன. திடீரென்று ஒரு நாளில் ஆரம்பித்ததா, வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வந்ததா என்பதும் இதே மாதிரி ஒரு துப்புதான்.

நம் ஆளுக்கு முதலில் விறைப்புதான் குறைந்தது. இரண்டு மூன்று தடவை தோற்றுப்போனதும், மறுபடி தோற்றுவிடுவோமோ என்று ஒதுங்க ஆரம்பித்தார். ஒதுங்கி ஒதுங்கி ஆசையும் அடங்கிவிட்டது. காலை விறைப்பு ஒரு வருடமாக இல்லை. இந்த வரிசை ஹார்மோனைவிட ரத்தக்குழாயைத்தான் அதிகம் சுட்டுகிறது.

அடுத்து அந்த 236. டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பகல் ஏற ஏற இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். காய்ச்சல், தூக்கமில்லாத இரவு, கடுமையான கவலை எல்லாம் தற்காலிகமாக அதை இறக்கிவிடும். அதனால் காலை ஏழிலிருந்து பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், உடம்பு சரியாக இருக்கும் நாளில் ரத்தம் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குக் கொடுத்த ரத்தத்தை வைத்து ஆயுள் முழுக்க ஊசி போட்டுக்கொள்ளப் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

காலை எட்டு மணிக்கு எடுத்தபோது 318 வந்தது. இரண்டு வாரம் கழித்து 334. எல்லைக்கோட்டை ஒட்டி, ஆனால் மேலே. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த ஹார்மோனில் பெரும்பகுதி ரத்தத்தில் புரதங்களோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது. அவற்றில் ஒரு புரதம் இறுகப் பிடித்துக்கொள்வது. தனியாகத் திரியும் மிகச் சிறிய பங்கும், இறுகப் பிடிபடாமல் சுலபமாகக் கழன்று வரும் பங்கும்தான் திசுக்களுக்குக் கிடைக்கும். தொப்பையும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு அந்த இறுகப் பிடிக்கும் புரதமே குறைந்துபோகும். அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரியும்; உடம்புக்குக் கிடைப்பது அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. கடைக்காரருக்கு அப்படித்தான் இருந்தது. விந்தகத்தை வேலை வாங்கும் மூளைச் சுரப்பிகளின் அளவும் தைராய்டும் சரியாகவே இருந்தன. அங்கே கோளாறு இருந்திருந்தால், குறிப்பாகத் தலைவலியும் பார்வைக் குறைவும் சேர்ந்து வந்திருந்தால், கதை வேறு திசையில் போயிருக்கும். பிட்யூட்டரிச் சுரப்பியை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

மோசமாக இருந்தது வேறு. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9.4. ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயின் அகலம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். இதயத்துக்குப் போகும் குழாய் மூன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர். சர்க்கரையும் கொழுப்பும் புகையிலையும் எல்லாக் குழாய்களின் உட்சுவரையும் ஒரே நேரத்தில்தான் கெடுக்கின்றன. ஆனால் சின்னக் குழாயில் அதன் விளைவு முதலில் தெரிந்துவிடுகிறது. விறைப்புக் குறைபாடு தலைகாட்டி இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் நெஞ்சுவலி வந்தவர்கள் நிறைய. அதனால்தான் விவரம் தெரிந்த மருத்துவர் இந்தப் புகாரைக் கேட்டதும் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் இசிஜி, கொழுப்பு, தேவைப்பட்டால் டிரெட்மில் பரிசோதனை என்று போகிறார். ஐம்பதை ஒட்டிய ஆண் வெட்கப்பட்டு மறைக்கும் இந்த ஒரு விஷயம், அவருடைய இதயத்தைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் முதல் தகவலாக இருக்கலாம்.

இரவைப் பற்றிக் கேட்டபோது பதில் சொன்னது மனைவி. இந்த இடத்தில் அவரை உள்ளே அழைக்கும்படி மருத்துவரே சொன்னார். "இவர் விடுற குறட்டையில பக்கத்து வீட்டுக்கே தூக்கம் போயிரும் டாக்டர். நடுவுல சத்தமே நின்னுரும். மூச்சு இருக்குதான்னு நான் எந்திரிச்சுப் பார்ப்பேன். அப்புறம் திணறிட்டு மறுபடி ஆரம்பிக்கும். தாங்காமத்தான் நான் பிள்ளை ரூம்ல போய்ப் படுத்துக்குறேன்." மனைவி தன்மேல் வெறுப்பில் தனியாகப் படுக்கிறார் என்று கணவர் ஒன்றரை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். தன்மேல் அவருக்கு நாட்டம் போய்விட்டது, ஒருவேளை வேறு யாரோ இருக்கிறார்களோ என்று மனைவி நினைத்துக்கொண்டிருந்தார்.

தூக்கப் பரிசோதனையில் அவருக்கு மணிக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு தடைப்படுவது தெரிந்தது. ஆழ்ந்த தூக்கம் என்பதே அவருக்கு வாய்க்கவில்லை. டெஸ்டோஸ்டிரோன் பெரிதும் சுரப்பது தூக்கத்தில்தான். ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்த ஒரு சிறு ஆய்வில், பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. வயது செய்ய பத்துப் பதினைந்து வருடம் எடுத்துக்கொள்ளும் வேலையைக் கெட்ட தூக்கம் ஒரு வாரத்தில் செய்துவிடுகிறது. மூன்று மணிக்குக் கல்லாவில் தூங்கி விழுந்ததற்கும் இதுதான் விடை.

தொப்பைக்கும் இதில் பங்கு உண்டு. கொழுப்புத் திசுவில் இருக்கும் ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அதைப் பார்த்த மூளை, போதுமான சுரப்பு இருக்கிறது என்று நினைத்து விந்தகத்துக்குப் போகும் உத்தரவைக் குறைத்துவிடுகிறது. எடை குறைந்தால் அளவு தானாகவே ஏறும். பத்து சதவீத எடைக் குறைப்பில் அளவு எண்பதுபோலக் கூடுவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. பிரஷருக்கு அவர் சாப்பிட்டது அட்டெனலால். அந்த வகை மாத்திரை சிலருக்கு அசதியையும் விறைப்புக் குறைவையும் தரும். அதற்குப் பதில் அப்படிச் செய்யாத வகைகள் உண்டு. ஆனால் அதை ஒரே நாளில் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பிரஷர் எகிறும், நெஞ்சுவலியும் வரலாம்.

மனம் மிச்சமிருக்கிறது. ஆண்களின் மனச்சோர்வு அழுகையாக வருவது குறைவு. சிடுசிடுப்பாக, வேலையில் மூழ்குவதாக, சாயங்காலம் ஒரு குவார்ட்டராக, பண்டிகையில்கூடச் சேராமல் ஒதுங்குவதாக வரும். வீட்டில் உள்ளவர்கள் அதைத் 'திமிர்' என்றோ 'வயசாயிருச்சுல்ல' என்றோ எடுத்துக்கொள்வார்கள். இந்தியாவில் தற்கொலை செய்துகொள்கிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மருத்துவர் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்தீர்களா, நான் எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றியதா, இருந்து என்ன பயன் என்று தோன்றியதா என்பது போன்ற கேள்விகள். நடுத்தர மனச்சோர்வு இருந்தது. இங்கே ஒரு சிக்கல் உண்டு: மனச்சோர்வுக்கு அதிகம் எழுதப்படும் மாத்திரைகளில் பல ஆசையையும் குறைக்கும். அந்தப் பக்கவிளைவு குறைவாக உள்ளவையும் இருக்கின்றன. எந்த மாத்திரை என்பதைத் தேர்ந்தெடுக்கவாவது நோயாளி வாயைத் திறக்க வேண்டும்.

ஆக, கடைக்காரருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடவே இல்லை. இரவில் மூக்கில் மாட்டிக்கொண்டு காற்றழுத்தம் தரும் இயந்திரம் வந்தது. முதல் மாதம் அதைக் கழற்றி எறிந்தார். முகமூடியின் அளவை மாற்றியபின் பழகிக்கொண்டார். சுகர் மருந்தும் பிரஷர் மருந்தும் மாறின. மனநல ஆலோசகரிடம் சில மாதம் போனார். காலையில் நடை, வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, இரவுச் சாப்பாட்டில் பாதி. எட்டு மாதத்தில் எடை 80. சராசரி சர்க்கரை 7.2. காலை எட்டு மணி டெஸ்டோஸ்டிரோன் 405. மதியத் தூக்கம் போனது, கோபம் நன்றாகக் குறைந்தது, ஆசை திரும்பியது. விறைப்பு முழுதாகத் திரும்பவில்லை. வருடக்கணக்கில் சர்க்கரை செய்த சேதம் முழுக்க ஆறாது. அதற்குச் சில்டனாஃபில் மாத்திரை. ஒரு மணி நேரம் முன்னால், கனமான எண்ணெய்ச் சாப்பாடு இல்லாமல். அந்த மாத்திரை ஆசையை உண்டாக்காது. ஆசை இருந்தால் ரத்த ஓட்டத்துக்கு உதவும், அவ்வளவுதான். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் உயிருக்கு ஆபத்தான அளவுக்குக் கீழே போய்விடும். ஆண்மைக்கான மூலிகை என்று விற்கப்படும் பொடிகளிலும் லேகியங்களிலும் இதே மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பது பலமுறை பரிசோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. இதய நோயாளிக்கு அந்தப் பொடி எமன்.

உண்மையிலேயே ஹார்மோன் குறைந்தவர்களுக்கு, இரண்டு காலையிலும் தெளிவாகக் கீழே இருந்து அறிகுறிகளும் இருந்தால், ஊசியோ ஜெல்லோ பயன் தரும். 65 வயதுக்கு மேற்பட்ட, அளவு குறைந்த 790 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், ஆசையும் உறவும் ஓரளவு மேம்பட்டன; மனநிலை சற்றே; களைப்பு நீங்கிச் சுறுசுறுப்பு வரும் என்று எதிர்பார்த்ததில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. போட்டுக்கொண்டிருக்கும்வரை சொந்தச் சுரப்பு படுத்துவிடும், விந்தணு உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடும். நாற்பதில் இரண்டாவது குழந்தைக்கு ஆசைப்படுகிறவர் இது தெரியாமல் ஜிம் ஊசியைப் போட்டுக்கொண்டு மலட்டுத்தன்மை சிகிச்சைக்கு அலைவதும் நடக்கிறது. ரத்தம் கெட்டிப்படும், அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் புராஸ்டேட் பரிசோதனையும் கட்டாயம்.

இவ்வளவையும் அவர் இரண்டு வருடம் முன்பே சொல்லியிருக்கலாம். யாரிடம்? நண்பர்களிடம் சொன்னால் கேலி. மனைவியிடம் சொன்னால் மானம் போகும் என்ற பயம். மனைவிக்கும் அது சோதனைக் காலம்தான். இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது சராசரியாக 46, 47 வயதில். உறவின்போது வலி இருக்கலாம், இரவில் வியர்த்துக் கொட்டலாம். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தத்தம் உடம்பின் மாற்றத்தை மறைத்துக்கொண்டு, மற்றவர் விலகுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். மருத்துவர்களையும் முழுக்க விட்டுவிட முடியாது. சுகர் கிளினிக்கில் கால் விரலை ஊசியால் குத்திப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள், சிறுநீரகத்துக்குப் பரிசோதனை எழுதுகிறார்கள். இதே நோய் கெடுக்கும் இந்த உறுப்பைப் பற்றி ஒரு வரி கேட்கிறவர்கள் குறைவு. வெளியே வரிசையில் அறுபது பேர் உட்கார்ந்திருக்கும்போது, ஐந்து நிமிடத்தில் முடியாத கேள்வியை எவரும் தாமாக ஆரம்பிப்பதில்லை. இந்த வெற்றிடத்தில் உரத்த குரலில் பேசுகிறவர் ஒருவர்தான்: பஸ் ஸ்டாண்டு கழிவறைச் சுவரில் செல் நம்பர் எழுதி, மாதத்தில் இரண்டு நாள் லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் 'வைத்தியர்'. அவர் வெட்கப்படுவதில்லை. வந்தவரை முழுதாகப் பேசவும் விடுகிறார். அவரிடம் கூட்டம் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைக்காரருக்கு ஒரு தம்பி. வயது 44, அவருக்கும் போன வருடம் சுகர் வந்தது. அண்ணன் அவரிடம் இதையெல்லாம் முழுதாகச் சொல்லவில்லை. அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையையும் கொண்டு போ, குறட்டை விடுறியான்னு உன் வீட்டுக்காரம்மாகிட்டக் கேட்டுட்டுப் போ, காலையில எந்திரிக்கும்போது எப்படி இருக்குன்னு டாக்டர் கேட்டா மறைக்காமச் சொல்லு, கேக்கலைன்னா நீயே சொல்லிரு என்று மட்டும் சொன்னார். தம்பி, எதற்கு என்று திருப்பிக் கேட்டார். அண்ணன், இதயத்துக்கு நல்லது என்றார்.